செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி: ஆவணி முடிவதற்குள் போட்டுவிட ஒரு வழிகாட்டி

என் ஆத்தாவுக்கு 74 வயது. அப்பச்சியோடு கானாடுகாத்தானில் இருக்கிறார்கள். நான் சென்னையில். ஆத்தாவுக்கு வருடாந்திர ஃப்ளூ ஊசி ஒன்று போட, முதல் வருடம் காரைக்குடிக்கு நான்கு முறை அலைந்தோம். முதல் முறை, முட்டை சேராது என்று ஆத்தா வாய்விட்டுச் சொன்னதால் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை கடையில் இருந்தது போன சீசன் சரக்கு. மூன்றாம் முறை மருந்தை நானே வாங்கி வெயிலில் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனேன், டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போட மறுத்துவிட்டார். நான்காம் முறை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த வருடம் ஒரே நடை. இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஊசி எதைத் தடுக்கும் என்பதை வீட்டில் முதலில் பேசிவிடுங்கள்

"போன வருசம் பக்கத்து வளவு ஆச்சி போட்டாக. அவுகளுக்கும்தான் சளி பிடிச்சுது." ஆத்தா சொன்ன முதல் மறுப்பு இதுதான். உங்கள் வீட்டிலும் இது வரும்.

பதில் எளிது. இந்த ஊசி இன்ஃப்ளுயன்ஸா என்ற ஒரு குடும்பத்துக் கிருமிக்கு மட்டும். சாதாரணச் சளி, இருமல், தொண்டைவலி கொடுக்கும் கிருமிகள் வேறு பல இருக்கின்றன. அவற்றை இது தொடாது. அதனால் ஊசி போட்ட பிறகும் மூக்கு ஒழுகலாம்.

சரி, ஃப்ளூவையாவது முழுதாகத் தடுக்குமா? அதுவும் இல்லை. காக்ரன் என்ற ஆய்வுத் தொகுப்புக் குழு 2018-ல் முதியவர்களைப் பற்றி வெளியிட்ட கணக்கு இது: ஊசி போடாத 100 பெரியவர்களில் ஒரு சீசனில் ஏறக்குறைய 6 பேருக்கு ஃப்ளூ வந்தது, போட்டவர்களில் 2 முதல் 3 பேருக்கு வந்தது. இந்தக் கணக்கின் உறுதி குறைவு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் கிருமி உருமாறுவதால் பலனும் ஏறி இறங்கும். எச்3என்2 வகை அதிகம் சுற்றும் வருடங்களில் வயதானவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நன்றாகவே குறையும். வயதாக ஆக உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஊசிக்குக் காட்டும் பதிலும் மந்தமாகிவிடுகிறது.

அப்புறம் எதற்குப் போடுவது? பாதிக்குப் பாதி தடுத்தாலும் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றக் காரணம் ஆத்தாவின் இதயம். அவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு இருந்தது. சர்க்கரை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஃப்ளூ நெஞ்சுச் சளியாக முற்றி ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும். வீட்டில் நான் சொன்னது இவ்வளவுதான்: "இது சளி ஊசி இல்லை ஆத்தா, அட்மிஷன் ஆகாமல் இருக்கப் போடுகிற ஊசி."

2. தேதி: டில்லிக்குச் சொன்னதை நமக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்

இணையத்தில் தேடினால் இந்தியர்கள் ஏப்ரல், மே மாதத்தில் போடவேண்டும் என்று பல இடங்களில் இருக்கும். அது ஜூன் மாதம் மழை தொடங்கும் ஊர்களுக்குப் பொருந்தும் கணக்கு. நமக்கு மழை ஐப்பசியில் வருகிறது. சென்னை, வேலூரில் பல வருடங்கள் மாதிரி எடுத்துப் பார்த்தபோது அக்டோபர், நவம்பரில்தான் ஃப்ளூ உச்சத்துக்குப் போனது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற சிவகங்கைப் பக்கத்துக்கும் நான் அதே கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஊசி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதன்பின் பாதுகாப்பு மாதாமாதம் தேயும். பெரியவர்களுக்குத் தேய்மானம் இன்னும் வேகம். மே மாதம் போட்டால் நவம்பரில், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், நன்றாகவே கரைந்திருக்கும். செப்டம்பர் இரண்டாம் வாரம் போட்டால் மாதக் கடைசியில் பாதுகாப்பு எழும்பிவிடும். ஐப்பசி மழை, தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பிள்ளைகள், கார்த்திகை, தைக் கல்யாணங்கள் எல்லாம் அந்தக் காலத்துக்குள் அடங்கும்.

இன்னொரு நல்ல காரணமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கிருமி வகைகளை வருடத்துக்கு இரண்டு முறை தேர்ந்தெடுக்கிறது. பிப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தெற்கு அரைக்கோளத்துக்கு. பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த மருந்து நம் கடைகளுக்கு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் வந்து சேரும். ஆக, செப்டம்பரில் புது மருந்தும் கிடைக்கும், காலமும் பொருந்தும்.

ஒரு சிக்கல், நம்மூருக்கே உரியது. செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும். கறி, முட்டை எதுவும் படாத மாதம். ஃப்ளூ மருந்துக்கான கிருமியையோ பெரும்பாலும் கோழி முட்டையில்தான் வளர்க்கிறார்கள். "புரட்டாசியில முட்டை ஊசியா?" என்று அப்பச்சி கேட்டுவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் நான் ஆவணிக் கடைசி வாரம் என்று நாள் குறித்துக்கொள்கிறேன். தவறிவிட்டால் ஐப்பசியில் போடுங்கள். அதையும் விட்டுவிட்டால் மார்கழியில்கூடப் போடலாம், போடாமல் இருப்பதைவிட மேல். பெரியவர்களுக்கு ஒரு சீசனுக்கு ஒரே ஊசி, இரண்டாவது தேவையில்லை.

3. முட்டை: வீட்டிலேயே விசாரித்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள்

நாங்கள் ஒரு நடை வீணாக்கியது இங்கே. சிஸ்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: "ஆச்சி, எதுவும் அலர்ஜி இருக்கா?" ஆத்தா உடனே, "முட்டை ஆகாதும்மா" என்றார். சிஸ்டர் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தார். அதில் முட்டைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போடக்கூடாது என்று அச்சடித்திருந்தது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டேன். "முட்டை சாப்பிட்டா என்ன செய்யும் ஆத்தா?" வயிறு உப்பும், ஏப்பம் வரும், இரவு தூக்கம் வராது. உடம்பில் தடிப்பு வந்திருக்கிறதா? இல்லை. உதடு வீங்கியதா, மூச்சு இழுத்ததா? இல்லை. பேரன் பிறந்தநாள் கேக்? "அது ரெண்டு துண்டு சாப்பிட்டேனே." இது அலர்ஜியே இல்லை, செரிமானம். நம் பேச்சில் ஆகாது, சேராது, ஒத்துக்காது எல்லாம் ஒரே சொல்லாகப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்.

உண்மையான முட்டை அலர்ஜி என்றால் சாப்பிட்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள், தோலில் தடிப்பு, உதடு அல்லது கண் இமை வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல் என்று வரும். இது குழந்தைகளிடம்தான் அதிகம், பலருக்கு வளர வளரப் போய்விடும்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு உண்மையாகவே அலர்ஜி இருந்தால்? அப்போதும் போடலாம். முட்டை பற்றிய பயம் வந்த காரணம், பெரும்பாலான ஃப்ளூ மருந்துக்கான கிருமியைக் கோழி முட்டையில் வளர்க்கிறார்கள் என்பது. வளர்த்த கிருமியைக் கொன்று, சுத்திகரித்த பிறகு ஒரு ஊசியில் மிஞ்சும் முட்டைப் புரதம் பொதுவாக 1 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் கீழே. ஒரு முட்டையின் வெள்ளைக் கருவில் அதே புரதம் சுமார் 2 கிராம் இருக்கிறது. இருபது லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்குப் போட்டுப் பார்த்த அனுபவம் சேரச் சேர, அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கியது. 2023-24 சீசனிலிருந்து, எவ்வளவு கடுமையான முட்டை அலர்ஜியாக இருந்தாலும் எல்லாத் தடுப்பூசிக்கும் எடுக்கிற சாதாரண முன்னெச்சரிக்கையே போதும் என்று சொல்லிவிட்டது. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் வேண்டாம், முட்டை இல்லாத மருந்தைத் தேடி மதுரைக்கும் திருச்சிக்கும் அலையவும் வேண்டாம்.

ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாள் இன்னும் பழைய எச்சரிக்கையைச் சுமந்துகொண்டிருக்கிறது. சிஸ்டர் மேல் தவறில்லை, அவர் அச்சில் உள்ளதைப் பின்பற்றுகிறார். வாக்குவாதம் செய்யாதீர்கள். முட்டை சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதை டாக்டரிடம் நேரில் விவரமாகச் சொல்லி, "ஃப்ளூ ஊசி போடலாம்" என்று சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். கடுமையான அலர்ஜி வரலாறு இருந்தால், அட்ரினலின் ஊசி கைவசம் உள்ள, டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்வது மனநிம்மதிக்கு நல்லது.

உண்மையில் நிறுத்த வேண்டிய கேள்வி வேறு: இதற்கு முன் ஃப்ளூ ஊசி போட்டபோதே கடுமையான அலர்ஜி வந்ததா? ஆம் என்றால் மறுபடி போடக்கூடாது, டாக்டரிடம் பேசவேண்டும். ஃப்ளூ ஊசி போட்ட 6 வாரத்துக்குள் கில்லன் பாரே என்ற, கை கால் செயலிழக்கவைக்கும் நரம்பு நோய் வந்திருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. முட்டையில் வளர்த்தது என்பதை மறைத்துப் போடாதீர்கள். சொல்லிவிட்டு முடிவை அவர்களிடமே விடுங்கள். எங்கள் அப்பச்சி கேட்டுவிட்டு, "மருந்துக்கு விரதம் ஏது?" என்று கையை நீட்டினார். எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதம்

டாக்டர் சீட்டு கட்டாயம். பெரிய மருந்துக்கடைகள் அது இல்லாமல் தரமாட்டார்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் அல்லது மாத்திரை அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஸ்டென்ட், பைபாஸ், டயாலிசிஸ் என்று ஏதாவது இருந்தால் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி. போன வருடம் போட்டிருந்தால் அந்தச் சீட்டு.

பட்டியல் ஏன் முக்கியம் என்றால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது. மெல்லிய ஊசியால் போட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ஆத்தாவுக்கு முதல் வருடம் ஊசி போட்டபோது யாரோ பழக்கதோஷத்தில் பஞ்சால் தேய்த்துவிட்டார்கள், நான்கு நாள் கைமேல் கருநீலமாக இருந்தது.

5. செலவும் பெட்டியும்

அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் முதியவர்களுக்கு இந்த ஊசி இல்லை. சர்க்கரை, பிபி மாத்திரையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். கையிலிருந்துதான் செலவு. எங்களுக்கு மருந்து மட்டும் ஆளுக்கு 1,800 ரூபாய் வாக்கில் ஆனது. அதோடு டாக்டர் ஃபீஸ், ஊசி போடும் கூலி. இரண்டு பேருக்கு, கார் வாடகையும் சேர்த்தால், 5,000 ரூபாயை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் மருந்துக்குக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, பில் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். ஃப்ளூ ஊசி இருக்கிறதா, எந்த சீசன்? பெட்டிமேல் சீசன் அச்சாகியிருக்கும். செப்டம்பரில் வாங்கினால் வடக்கு அரைக்கோளத்தைக் குறிக்கும் என்.எச். என்ற எழுத்தோடு, இந்த வருடமும் அடுத்த வருடமும் சேர்ந்து இருக்க வேண்டும். காலாவதித் தேதியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எங்களுக்குக் காட்டிய பழைய பெட்டிக்குத் தேதி இன்னும் முடியவில்லை, ஆனால் மருந்து முந்தைய தேர்வு.

மூன்று வகைக் கிருமிக்கான மருந்து, நான்கு வகைக்கான மருந்து என்று கடையில் குழப்புவார்கள். நான்காவதாக இருந்த பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. மூன்று வகை மருந்து கிடைத்தால் நஷ்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீரியம் கூட்டிய மருந்தை முன்னுரிமையாகச் சொல்கிறார்கள். நம்மூரில் அது கிடைக்கட்டும் என்று காத்திருந்து சீசனைக் கோட்டை விடாதீர்கள், சாதாரண மருந்தையே போடுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு, கவனம். குழந்தைகளுக்குப் போடும் "ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே பி" என்ற ஊசியின் பெயரிலும் இன்ஃப்ளுயன்ஸா மாதிரி ஒரு சொல் வரும். அது வேறு, பாக்டீரியாவுக்கானது. நிமோனியா ஊசியும் வேறு. ஆனால் நிமோனியா ஊசி போட வேண்டியிருந்தால் அதே நாளில் மற்றக் கையில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நடை மிச்சம்.

இனி குளிர்ச்சி. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்தது பார்வைக்குத் தெரியாது. ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை மருந்தோடு ஒட்டிவைப்பது வெயிலில் கொண்டுபோவதற்குச் சமமான தவறு. மருந்தை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து உள்ளூர் கம்பவுண்டரை வைத்துப் போடலாம் என்ற யோசனையை நான் விட்டுவிட்டேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், எங்கிருந்தாலும் பெரியவர்களைக் காரில் அழைத்துப்போய், மருந்து இருப்பு வைத்திருக்கும் ஆஸ்பத்திரியிலேயே போடுங்கள். அப்படி முடியாதென்றால் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ்பேக், நடுவில் மடித்த துண்டு, அதன்மேல் மருந்துப் பெட்டி என்று வைத்து, வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மின்வெட்டு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

6. அன்றைய நாள்

காய்ச்சல், உடம்பு முடியாமல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். லேசான சளி தடையில்லை. தோள்வரை எளிதாகச் சுருட்டக்கூடிய கை வைத்த ரவிக்கை, தளர்ந்த சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். ஊசி மேல்கைத் தசையில் இறங்கும். பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்கார வையுங்கள். இது அலர்ஜிக்காக மட்டுமல்ல, வயதானவர்கள் சட்டென்று எழுந்து மயங்கி விழுவதைத் தவிர்க்கவும்தான்.

பெட்டியில் இருக்கும் தொகுதி எண், தயாரிப்பின் பெயர், போட்ட தேதி மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் "போன தடவை எது போட்டீங்க?" என்று கேட்டால் தேட வேண்டாம்.

அன்று இரவும் மறுநாளும் கைவலி, லேசான காய்ச்சல், உடம்பு அசதி வரலாம். ஊசியில் இருப்பது செத்த கிருமி, அதனால் ஃப்ளூவே வந்துவிடாது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் அது ஊசியால் வந்ததல்ல, வேறு ஏதோ என்று டாக்டரிடம் போங்கள்.

7. ஊசி போட்ட பிறகும் காய்ச்சல் வந்தால்

போன கார்த்திகையில் ஆத்தாவுக்குத் திடீரென்று காய்ச்சல், உடம்பு முழுக்க வலி, வறட்டு இருமல். "அதான் ஊசி போட்டாச்சே" என்று அப்பச்சி கஷாயம் வைத்துக்கொடுத்து ஒரு நாளைக் கடத்திவிட்டார். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். தாமதமானாலும் பெரியவர்களுக்குச் சில சமயம் கொடுப்பார்கள், ஆனால் சீக்கிரம் கொடுப்பதற்கு ஈடாகாது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கவும் முடியாது. நான் மறுநாள் காலை போனில் கேட்டுவிட்டு உடனே காரை வரச்சொன்னேன். முப்பதாவது மணி நேரத்தில் முதல் மாத்திரை உள்ளே போனது. அட்மிஷன் இல்லை. ஐந்து நாளில் முகப்பில் வந்து உட்கார்ந்து, கோலம் சரியில்லை என்று வேலைக்காரப் பெண்ணைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைவது, இறங்கிய காய்ச்சல் இரண்டொரு நாள் கழித்து மறுபடி ஏறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.